‘புரியுது சார்’... அப்புறம்?

சாலையைத் தோண்டிப் போட்ட இடத்தில் ஒரு பலகை நிற்கும்: ‘பணிகள் நடைபெறுகின்றன. சிரமத்திற்கு வருந்துகிறோம்.’ அதைப் படித்துவிட்டு யாரும் ஆறுதல் அடைவதில்லை, கோபப்படுவதும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறோம். அதே வாக்கியத்தை வங்கியின் கஸ்டமர் கேரிலிருந்து ஒரு மனிதர் சொன்னால் மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் எளிது. பலகையிடம் நாம் எதையும் சொல்லவில்லை. போனில் பேசியவரிடம் ஐந்து நிமிடம் நம் கதையைச் சொல்லியிருக்கிறோம். அத்தனையும் கேட்டுவிட்டு, பலகை சொன்னதையே அவரும் சொல்கிறார்.

கால் சென்டர் பயிற்சி வகுப்புகளில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. ‘சிம்பதி வேண்டாம், எம்பதி வேண்டும்’ என்பார்கள். தமிழில் அனுதாபம், ஒத்துணர்வு என்று வைத்துக்கொள்ளலாம். அனுதாபப்படுகிறவர் தன் மனநிலையைச் சொல்கிறார்: எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒத்துணர்வோடு பேசுகிறவர் எதிரில் இருப்பவரின் நிலைமையைச் சொல்கிறார்: உங்களுக்குத் திங்கட்கிழமை பணம் வேண்டும், அது இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறது. முதலாவதில் மனம் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்னது காதில் விழுந்ததா என்பதற்கு அதில் எந்தச் சாட்சியும் இல்லை.

ஒரு அழைப்பைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். நம்மில் பலருக்கும் வந்திருக்கக்கூடிய சிக்கல்தான். சனிக்கிழமை மாலை ஒருவர் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போகிறார். மெஷினுக்குள் நோட்டு எண்ணும் சத்தம் கேட்கிறது. பணம் வெளியே வரவில்லை. கணக்கில் கழிந்துவிட்டதாக எஸ்எம்எஸ் மட்டும் வந்துவிட்டது. திங்கட்கிழமை மகனுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வேண்டும். வாட்ச்மேன் இல்லை, வங்கி பூட்டியிருக்கிறது. கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்குப் போன் போடுகிறார்.

அனுதாபம் மட்டும் தெரிந்தவர் எடுத்தால் பேச்சு இப்படிப் போகும்:

“அச்சோ, கேட்கவே கஷ்டமா இருக்கு சார். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வங்கி சார்பா மனமார வருந்துறோம் சார்.”

“மேடம், திங்கக்கிழமை ஃபீஸ் கட்டணும்.”

“புரியுது சார். கவலைப்படாதீங்க. கம்ப்ளைன்ட் ரிஜிஸ்டர் பண்ணிட்டோம். ஏழு வேலை நாளுக்குள்ள சரியாயிடும் சார்.”

“அதுக்குள்ள ஃபீஸ் தேதி போயிடுமே?”

“உங்க நிலைமை புரியுது சார், ஆனா இது எங்க கையில இல்ல சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

மரியாதைக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஏழு முறை ‘சார்’ இருக்கிறது. ஆனால் ‘பத்தாயிரம்’, ‘திங்கட்கிழமை’, ‘ஃபீஸ்’ ஆகிய மூன்றில் ஒன்றுகூட அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரவில்லை. செல்போன் சிக்னல் இல்லை என்று அழைத்தவரிடமும், குக்கர் விசில் அடிக்கவில்லை என்று அழைத்தவரிடமும் இதே வாக்கியங்களை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்லலாம். என்னைக் கேட்டால் இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு சோதனையே போதும்: சொன்ன வாக்கியத்தை அடுத்த அழைப்பாளரிடமும் அப்படியே சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது அனுதாபம்.

இன்னொருவர் எடுத்திருந்தால்:

“நோட்டு எண்ணுற சத்தம் கேட்டுருக்கு, பணம் வெளிய வரல, ஆனா பத்தாயிரம் கழிஞ்சிருச்சு. அது திங்கட்கிழமை பையனோட ஹாஸ்டல் ஃபீஸுக்கு வச்சிருந்த பணம். சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா சார்?”

“ஆமாம்மா.”

“நான் இப்பவே புகார் பதியுறேன். அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. அது எங்க பேங்க் ஏடிஎம்மா, வேற பேங்க்கா? மெஷின்ல ஸ்லிப் ஏதாவது வந்துச்சா?”

“வேற பேங்க்கும்மா. ஸ்லிப் இருக்கு.”

“பரவாயில்ல சார், வேற பேங்க் ஏடிஎம்மா இருந்தாலும் புகாரை நாங்கதான் எடுக்கணும். அந்த ஸ்லிப்பைத் தூக்கிப் போட்டுறாதீங்க. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். திங்கட்கிழமைக்குள்ள இந்தப் பணம் வந்துரும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி வியாழக்கிழமைக்குள்ள வந்தாகணும். அதைத் தாண்டினா ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூபா உங்க கணக்குல சேர்க்கணும், அதுக்கு நீங்க தனியா கேட்க வேண்டியதில்ல. புகார் நம்பர் எஸ்எம்எஸ்ல வரும். ஹாஸ்டல் ஆபீஸ்ல நாலு நாள் தவணை கேக்கறதுன்னா, அந்த எஸ்எம்எஸ்ஸையும் ஸ்லிப்பையும் காட்டலாம்.”

இந்தப் பெண் ‘வருந்துகிறேன்’ என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தவறில்லை. ஆனால் அழைத்தவர் போனை வைக்கும்போது அவரிடம் ஒரு கிழமை இருக்கிறது, ஒரு தொகை இருக்கிறது, திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அவருடைய பணம் இன்னும் மெஷினுக்குள்தான் கிடக்கிறது என்பது உண்மையே. அதை இந்தப் பெண்ணால் எடுத்துத் தர முடியாது. அவர் தருவதாகச் சொல்லவும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது பெண்ணுக்கு மனசு பெரியது என்பதால் மட்டும் இப்படிப் பேச வரவில்லை. அவருக்கு விதி தெரியும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை வெளியிட்டது. அந்த 5 நாள் காலண்டர் நாள். ஞாயிறும் கணக்கில் சேரும். சனிக்கிழமை எடுக்கப் போனவருக்கு வியாழன்தான் கெடு. முதல் பெண் சொன்ன ‘ஏழு வேலை நாள்’ என்பது 2011-ல் வந்த பழைய கணக்கு. மனப்பாடமாக வந்த ஆறுதலோடு மனப்பாடமாக வந்த பழைய விதியும் சேர்ந்து வந்துவிட்டது. விதி தெரியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ‘கவலைப்படாதீங்க’ என்பதோடு நின்றுவிடத்தான் முடியும். வேறு என்னதான் சொல்வார்?

அந்த ‘ஸ்லிப் இருக்கா’ என்ற கேள்வியும் வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒவ்வொரு ஏடிஎம்மிலும் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். வங்கிக்காரர்கள் அதை ஜர்னல் என்பார்கள். புகார் வந்ததும் அந்த ஜர்னலையும், மெஷினில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்த கணக்கையும் ஒப்பிடுவார்கள். வெளியே போகாத 10,000 ரூபாய் உள்ளே கூடுதலாக நிற்க வேண்டும். ஸ்லிப்பில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணும் நேரமும் அந்த வரியைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும். கேள்விக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருந்தால், கேட்கப்படுகிறவருக்கு அது குரலிலேயே தெரிந்துவிடும்.

மன்னிப்பு எவ்வளவு நேரம் கேட்கலாம் என்பதைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜகதீப் சிங்கும் அவருடைய சகாக்களும் விமான நிலைய உதவி மேசைகளில் வீடியோவாகப் பதிவான உரையாடல்களை எடுத்துப் பார்த்தார்கள். பெட்டி தொலைந்தது, விமானம் தவறியது போன்ற சிக்கல்கள். முதல் 7 வினாடிகளைத் தாண்டி மன்னிப்பு நீண்டால் பயணிகளின் திருப்தி குறையலாம் என்பது அவர்கள் கண்டது. ஊழியர் எத்தனை மாற்று வழிகளை எவ்வளவு முனைப்பாகத் தேடிப் பார்க்கிறார் என்பதைத்தான் பயணிகள் மதித்தார்கள். 2018-ல் இந்த முடிவுகள் வெளியாயின. நம் ஊர்க் கஸ்டமர் கேரில் 7 வினாடிக்குள் வருத்தம் முடிவதில்லை. தொடங்கவே அவ்வளவு நேரம் ஆகிறது.

அதே 2018-ல் கிரான்ட் பக்கார்ட், சாரா மூர், பிரென்ட் மெக்ஃபெரன் மூவரும் இன்னொரு விஷயத்தைக் கண்டார்கள். வாடிக்கையாளரிடம் ‘நாங்கள்’ என்று நிறுவனத்தின் பெயரால் பேசுவதைவிட ‘நான்’ என்று பேசினால், இவர் நம் பக்கம் நிற்கிறார், நமக்காக ஏதோ செய்கிறார் என்ற எண்ணம் கூடுகிறது. ‘நாங்கள்’ என்பதுதான் பணிவு என்று நெடுங்காலமாக ஊழியர்களுக்குக் கற்றுத் தந்து வந்தார்கள். தமிழில் இது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது, ஏனென்றால் வினைச்சொல்லின் வால் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘கம்ப்ளைன்ட் ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்’ என்பதில் பண்ணியது யார் என்று தெரியாது. ‘பதிவு செய்யப்பட்டுள்ளது’ என்றால் யாருமே பண்ணவில்லை. ‘நான் இப்பவே பதியுறேன்’ என்பதில் ஒரு ஆள் இருக்கிறார்.

பக்கார்டும் ஜோனா பெர்கரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு நான் மேலே சொன்ன சோதனைக்கு நெருக்கமானது. ஊழியர் பொதுவான சொற்களுக்குப் பதில் குறிப்பான சொற்களைப் பயன்படுத்தினால், தாம் சொன்னதை அவர் காதுகொடுத்துக் கேட்டார் என்று வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், திருப்தியும் கூடுகிறது. ‘உங்க பிரச்சினை’ என்பது பொது. ‘உள்ள மாட்டிக்கிட்ட பத்தாயிரம்’ என்பது குறிப்பு. ‘விரைவில்’ என்பது பொது. ‘வியாழக்கிழமைக்குள்ள’ என்பது குறிப்பு. ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிருக்கோம்’ என்பது பொதுவிலும் பொது.

நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டும் வழுக்கிவிடும் வாக்கியங்கள் சில உண்டு. ‘கவலைப்படாதீங்க’ அதில் முதன்மையானது. நம் வீடுகளில் இது அன்பின் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் காசு போனவரிடம் முன்பின் தெரியாத ஒருவர் சொல்லும்போது, ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. கோபமாகப் பேசுகிறவரிடம் ‘கோபப்படாதீங்க சார்’ என்றால் நடப்பது எல்லோருக்கும் தெரியும். ‘மூணு தடவை போன் பண்ணியும் ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்ல வேண்டியதாப் போச்சு, இல்லையா சார்? போன தடவை நீங்க சொன்னது எனக்கு முன்னாடி இருக்கு, மறுபடி சொல்ல வேண்டாம்’ என்றால் பாதிக் கோபம் இறங்கிவிடும். ஆனால் ஒன்று, முன்பு சொன்னது உண்மையிலேயே அவர் திரையில் இருக்க வேண்டும்.

‘ஆனா’ என்ற சின்னச் சொல்லும் அப்படித்தான். ‘உங்க நிலைமை புரியுது, ஆனா...’ என்றவுடன் முன்பாதி அழிந்துபோகிறது. கேட்பவர் அதற்குப் பின் வருவதற்காகவே காத்திருப்பார். கடன் தவணை திரும்பிப்போனதற்கு வங்கி போட்ட அபராதத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது என்று வைத்துக்கொள்வோம். ‘சம்பளம் ஏழாம் தேதி வருது, தவணை அஞ்சாம் தேதி போகுது. அதனாலதான் ரெண்டு மாசமா இடிக்குது. இந்த மாச அபராதத்தை என்னால எடுக்க முடியாது சார். தவணைத் தேதியைப் பத்தாம் தேதிக்கு மாத்தக் கோரிக்கை போடலாம், போடட்டுமா?’ இதில் மறுப்பும் இருக்கிறது, அவருடைய நிலைமையும் இருக்கிறது. இரண்டையும் பிணைக்க ‘ஆனா’ தேவைப்படவில்லை.

‘எனக்கும் போன மாசம் இப்படித்தான் சார் ஆச்சு’ என்பதை ஒத்துணர்வு என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் கதை அந்த நொடியில் அழைத்தவரிடமிருந்து கைமாறிவிடுகிறது. உளவியலாளர் டேனியல் பேட்சனும் சகாக்களும் 1997-ல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்கள். துன்பத்தில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது ஒன்று. அந்த இடத்தில் நானே இருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைப்பது வேறொன்று. முதலாவதில் அடுத்தவர் மேல் அக்கறை எழுந்தது. இரண்டாவதில் அக்கறையோடு சொந்தக் கலக்கமும் சேர்ந்துகொண்டது. நாள் முழுவதும் அழைப்பு எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஒவ்வொரு அழைப்பிலும் ‘எனக்கு நேர்ந்தால்’ என்று உருகினால் மாலை ஷிஃப்ட் முடிவதற்குள் அவர் ஓய்ந்துவிடுவார். பிறகு மிஞ்சுவது மரத்துப்போன ‘புரியுது சார்’ மட்டும்தான்.

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983-ல் எழுதிய ‘த மேனேஜ்ட் ஹார்ட்’ நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, உணர்வைச் சம்பளத்துக்காகக் காட்டுவதும் ஓர் உழைப்பு என்றார். நம் கால் சென்டர்களில் அந்த உழைப்புக்கு மதிப்பெண்ணும் உண்டு. பதிவான அழைப்பைக் கேட்டு மதிப்பிடும் தரக்கட்டுப்பாட்டுப் படிவத்தில் ‘எம்பதி ஸ்டேட்மென்ட் சொன்னாரா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். சொன்னால் மதிப்பெண், சொல்லாவிட்டால் வெட்டு. ஆகவே எல்லோரும் சொல்கிறார்கள், தொடக்கத்திலேயே, ஒரே மாதிரி. இன்னொரு பக்கம் அழைப்பு எத்தனை நிமிடத்தில் முடிகிறது என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா சார்?’ என்று கேட்க அரை நிமிடமாவது வேண்டும். அந்த அரை நிமிடத்துக்குத் தண்டனை வைத்துவிட்டு ஒத்துணர்வுப் பயிற்சி நடத்துவது, பயிற்சியாளருக்குக் கூலி கொடுத்ததாக மட்டுமே முடியும். படிவத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, ‘வாடிக்கையாளர் சொன்ன குறிப்பு ஏதாவது ஒன்றை ஊழியர் திருப்பிச் சொன்னாரா? அடுத்து நடக்கப்போவதைத் தேதியோடு சொன்னாரா?’ என்று கேட்டாலே பாதி போலித்தனம் குறையும்.

அனுதாபத்துக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. கணவர் இறந்துவிட்டார், அவர் கணக்கை என்ன செய்வது என்று ஒரு பெண்மணி அழைக்கிறார். அங்கே ‘உங்க வலி எனக்குப் புரியுதும்மா’ என்பது அத்துமீறல். இருபத்து நாலு வயதுப் பையனுக்கு அது புரிய வாய்ப்பில்லை, அந்த அம்மாவுக்கும் அது தெரியும். ‘கேட்டு வருத்தமா இருக்கும்மா’ என்று ஒரு வாக்கியம், கொஞ்சம் நிறுத்தம், அவ்வளவே சரி. ஒத்துணர்வு அதற்குப் பிறகு செயலில் வர வேண்டும். அடுத்த பிரிவுக்கு அழைப்பை மாற்றும்போது, அந்த அம்மா மறுபடி ‘அவர் இறந்துட்டார்’ என்று தொடங்க வேண்டியிராதபடி இவரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ‘அக்கவுன்ட் ஹோல்டர்கிட்ட பேசலாமா?’ என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கணக்கில் நாமினி இருந்தால் வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை, முறையான கோரிக்கையும் இறப்புச் சான்றிதழும் வந்த 15 நாட்களுக்குள் வங்கி பணத்தைத் தர வேண்டும் என்பதை அவர் கேட்காமலே சொல்ல வேண்டும். பல குடும்பங்கள் தேவையே இல்லாத சான்றிதழுக்காக நீதிமன்றப் படி ஏறுவது, யாரும் இதைச் சொல்லாததால்தான்.

ஒத்துணர்வையும் திருட முடியும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ‘உங்க பணம் போயிடக் கூடாதேன்னுதான் கூப்பிட்டேன் சார், ரொம்பப் பதற்றமா இருப்பீங்கன்னு தெரியும்’ என்று வாட்டமாகப் பேசி ஓடிபி கேட்பவர்களின் தொழிலே இதை நம்பித்தான் நடக்கிறது. நம் நிலைமையைக் கச்சிதமாகச் சொல்வதால் ஒருவர் நம்பத்தக்கவர் ஆகிவிடமாட்டார். வங்கி ஊழியர் எவருக்கும் உங்கள் ஓடிபியோ பின் நம்பரோ தேவைப்படாது. அதைக் கேட்டால் எவ்வளவு இனிமையான குரலாக இருந்தாலும் துண்டித்துவிட்டு, பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘புரியுது சார்’ என்று கேட்டால் கோபப்படுவதற்குப் பதில், ‘என்ன புரிஞ்சுதுன்னு ஒரு தடவை சொல்லுங்க’ என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உரையாடல் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு புகார் எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்து 30 நாட்களாகியும் வங்கி பதில் தரவில்லை அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.